46 என்ற எண்ணும் ‘ஃபிட்’ என்ற தாளும்

“டாக்டருக்கு வணக்கம். என் வீட்டுக்காரருக்கு 36 வயது. பிறை பக்கம் பழைய கார் பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கும் கம்பெனியில் மூன்று வருஷமாக வேலை செய்கிறார். போன மாதம் கம்பெனி கிளினிக்கில் மெடிக்கல் எடுத்தார்கள். நெஞ்சு எக்ஸ்ரே, சிறுநீர், பிரஷர் எல்லாம் சரி, ‘ஃபிட்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ரத்தத்தில் ஈயம் பார்த்த தாளில் மட்டும் 46 என்று இருக்கிறது. சேஃப்டி ஆபீசர் ‘லிமிட்டுக்குக் கீழேதான், பயப்படாதே’ என்றாராம். ஆனால் இரண்டு மூன்று மாதமாக இவருக்கு வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கிறது, மலச்சிக்கல், வேலை விட்டு வந்தால் படுத்துவிடுகிறார். வீட்டுக் கடன் இருப்பதால் வேலையை விடவும் முடியாது. இந்த 46 நல்லதா, கெட்டதா? எங்கள் சின்னவனுக்கு இரண்டரை வயது, அப்பா வந்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வான்.”
– ஒரு வாசகி, பட்டர்வொர்த்

சகோதரி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வயிற்று வலி ஆளைச் சுருண்டு படுக்க வைக்கும் அளவுக்கு வந்தாலோ, வாந்தி நிற்காமல் போனாலோ, தலைவலியோடு பேச்சும் நடையும் தடுமாறினாலோ, மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கினாலோ உடனே அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அந்த 46 தாளைக் கையோடு கொண்டுபோய், வாசலிலேயே “இவர் ஈயம் உருக்குகிறார்” என்று சொல்லுங்கள். ஈயத்தால் வரும் வயிற்று வலி அப்பெண்டிக்ஸ் வலி போலவே ஏமாற்றும். நோயாளி தன் வேலையைச் சொல்லாவிட்டால், எவ்வளவு கெட்டிக்கார மருத்துவருக்கும் ஈயம் சட்டென்று நினைவுக்கு வராது.

அப்படி எதுவும் இல்லையென்றால் இந்த வாரத்துக்குள் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. அதற்கு முன் உங்கள் கையில் இருக்கும் இரண்டு தாள்களையும் பார்த்துவிடுவோம்.

‘ஃபிட்’ என்ற தாளில் எழுதியிருப்பது பொய் இல்லை. ஆனால் அது பார்த்த இடமே வேறு. நெஞ்சு எக்ஸ்ரே கல் தூசி, மணல் தூசி நுரையீரலில் படிந்ததைத் தேடும் பரிசோதனை. ஈயம் அதில் தெரியாது. சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை சர்க்கரையையும் புரதத்தையும் பார்க்கும். ஈயம் சிறுநீரகத்தைப் பல வருஷம் அரித்த பிறகுதான் அதில் ஏதாவது தெரிய ஆரம்பிக்கும். ரத்தச்சோகை வருவதும் தாமதமாகத் தெரியும் அடையாளம்தான். ஈயத்தில் கைவைப்பவருக்குச் செய்ய வேண்டிய முக்கியப் பரிசோதனை ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்பது. அது வேறொரு தாளில் தனியாகக் கிடக்க, மேல்தாளில் ‘ஃபிட்’ முத்திரை விழுந்துவிட்டது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்து, அவர் எந்த வேலைக்கு ஃபிட், எதற்கு இல்லை என்று எழுத வேண்டிய ஒருவர் நடுவில் இல்லாமல் போயிருக்கிறார்.

அந்த ஒருவர் யார் என்பதை நம் மலேசியச் சட்டம் சொல்கிறது. கேடு தரும் இரசாயனங்களைப் பற்றிய 2000-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஈயம் படும் தொழிலாளிகளை ஓ.எச்.டி. என்று நாம் சொல்லும் தொழில்சார் சுகாதார மருத்துவர்தான் கண்காணிக்க வேண்டும். இவர் ஜேகேகேபி என்ற தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறையில் இதற்கென்று பதிவு செய்தவராக இருக்க வேண்டும். பேனல் கிளினிக் மருத்துவர் அந்தப் பதிவை வைத்திருக்கலாம், வைத்திருக்காமலும் இருக்கலாம். ஆகவே உங்கள் கணவர் கம்பெனியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “என்னைப் பார்த்த டாக்டர் ஓ.எச்.டி.யா?” என்பதுதான். பதிவு பெற்றவர்களின் பெயர்கள் ஜேகேகேபி இணையப் பக்கத்திலும் இருக்கின்றன. பரிசோதனைச் செலவு கம்பெனியுடையது. அதைச் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது.

இனி 46.

இது 100 மில்லி ரத்தத்தில் 46 மைக்ரோகிராம் ஈயம் என்று பொருள். ‘லிமிட்டுக்குக் கீழே’ என்று சேஃப்டி ஆபீசர் சொன்னபோது, ஆளை அந்த வேலையிலிருந்து கட்டாயம் விலக்க வேண்டிய கோட்டைத்தான் மனதில் வைத்திருப்பார். அப்படிப்பட்ட கோடுகள் பல நாடுகளில் உயரத்தில்தான் இருக்கின்றன. பிரிட்டனில் ஆண்களுக்கு 60. அமெரிக்காவின் பழைய தொழிற்சாலை விதியிலும் ஒரே பரிசோதனையில் 60 வந்தால் விலக்க வேண்டும், அப்படி விலக்கியவரின் அளவு 40-க்குக் கீழே வந்து நின்ற பிறகுதான் அவர் திரும்ப முடியும். அந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். உங்கள் கணவர் இப்போது நிற்கும் இடம், ஏற்கெனவே விலக்கப்பட்ட ஒருவரைக்கூட ‘இன்னும் திரும்ப வேண்டாம், பொறு’ என்று நிறுத்தி வைக்கும் இடம். தொழில்சார் சுகாதார நிபுணர்கள் வழிகாட்டியாகப் பார்க்கும் ஏசிஜிஐஎச் என்ற அமெரிக்க அமைப்பின் பட்டியலில் ஈயத்துக்கான எண் முன்பு 30 ஆக இருந்தது, 2017-இல் அதை 20 ஆகக் குறைத்தார்கள். குறைந்த அளவிலேயே ரத்த அழுத்தமும் சிறுநீரகமும் பாதிக்கப்படுவது தெரிய வந்ததால் எல்லா எண்களும் கீழே இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. சேஃப்டி ஆபீசர் சொன்ன கோடு உண்மையானதுதான். ஆனால் அது ஆளை வெளியே இழுக்க வேண்டிய கடைசிக் கோடு, அதற்குக் கீழே இருப்பதெல்லாம் நலம் என்று சொல்ல வந்ததல்ல. வயிற்று வலியும் மலச்சிக்கலும் உள்ள ஒருவருக்கு 46 வந்தால் நான் அவரைச் சும்மா அனுப்ப மாட்டேன்.

ஆனாலும் இந்த ஒற்றை எண்ணை வைத்து முடிவுக்கு வந்துவிடவும் கூடாது. ரத்தம் எப்படி எடுத்தார்கள் என்று கேளுங்கள். ஒரு முறை ஒரு தொழிற்சாலையின் கேன்டீனிலேயே மேசை போட்டு ரத்தம் எடுத்திருந்தார்கள். வேலை உடுப்போடு வந்து உட்கார்ந்த ஒருவருக்கு 71 வந்தது. அவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, முந்தைய அளவோ 34. அவரைக் கிளினிக்குக்கு வரச் சொல்லி, குளித்து, வீட்டு உடுப்புப் போட்டு, முழங்கை மடிப்பைச் சோப்பால் நன்றாகத் தேய்த்துக் கழுவச் செய்து, ஈயம் இல்லாத தனி டியூபில் ரத்தக் குழாயிலிருந்து மறுபடி எடுத்தேன். 37 வந்தது. தோலில் இருந்த தூசி ஊசியோடு உள்ளே போயிருந்தது. விரல் நுனியில் குத்தி எடுத்தால் இந்தத் தவறு இன்னும் எளிதாக நேரும். உங்கள் கணவருக்கும் மறுபரிசோதனையை இந்த முறையில்தான் எடுக்க வேண்டும்.

அதோடு இசட்.பி.பி. என்ற இன்னொரு பரிசோதனையையும் சேர்த்துக் கேளுங்கள். ரத்தச் சிவப்பணு உருவாகும்போது இரும்பு சேர வேண்டிய இடத்தை ஈயம் தடுத்துவிடும், அங்கே துத்தநாகம் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதைத்தான் இந்தப் பரிசோதனை அளக்கிறது. ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். ஆகவே ரத்த ஈயம் கடந்த சில வாரங்களின் கதையைச் சொன்னால், இசட்.பி.பி. மூன்று நான்கு மாதத்தின் கதையைச் சொல்லும். 46-உம் உயர்ந்த இசட்.பி.பி.யும் சேர்ந்து வந்தால், இது ஒரு நாளில் ஏறியது அல்ல என்று புரியும். இரும்புச் சத்து குறைந்தவருக்கும் இசட்.பி.பி. ஏறும் என்பதால் அதைத் தனியாக வைத்து எதையும் முடிவு செய்வதில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம், அவருடைய பழைய எண்கள். மூன்று வருஷத்தில் எத்தனை முறை எடுத்தார்கள்? கண்காணிப்பு 12 மாதத்துக்கு மேல் இடைவெளி விடாமல் நடக்க வேண்டும். அதைவிட அடிக்கடி வேண்டுமா என்பது ஓ.எச்.டி.யின் கையில். 40-ஐத் தாண்டியவரை நான் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பார்ப்பேன். கம்பெனி இந்தப் பதிவுகளை 30 வருஷம் வைத்திருக்க வேண்டும், ஆகவே “பழைய ரிப்போர்ட் இல்லை” என்ற பதில் செல்லாது.

எண்களை வரிசையில் வைப்பது எவ்வளவு உதவும் என்பதற்கு நான் பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். 41 வயது, உருக்கும் பானையின் பக்கத்தில் நின்று மேலே மிதக்கும் கசடை வழிப்பவர். உங்கள் கணவரைப் போலவே வயிற்று வலி என்று வந்தார். மூன்று மாதத்துக்கு ஒரு தாளாக அவர் கோப்பில் நான்கு தாள்கள் இருந்தன: 27, 33, 44, 57. ஒவ்வொன்றிலும் ‘அளவுக்குக் கீழே’ என்று தனித்தனியாக எழுதியிருந்தது. நான்கையும் ஒரே தாளில் அடுத்தடுத்து யாரும் எழுதிப் பார்க்கவில்லை. எழுதியிருந்தால் மூன்றாவது தாளிலேயே பிடித்திருக்கலாம்.

அவரோடு வேலை செய்யும் மற்றவர்களின் எண்களையும் வாங்கி, யார் எங்கே நிற்கிறார்கள் என்று படம் போட்டேன். பானைக்கு இடதுபுறம் நிற்கும் மூவருக்கும் ஏறியிருந்தது. வலதுபுறம் நிற்பவர்களுக்கு அப்படியே இருந்தது. அதே ஈயம், அதே முகமூடி, அதே ஷிப்ட். அப்படியென்றால் கோளாறு ஆளிடம் இல்லை, அந்த இடத்தில் இருக்கிறது.

அங்கே போய் நின்றேன். பானைக்கு மேலே புகையை இழுக்கும் கூண்டு இருந்தது, விசிறி ஓடும் சத்தமும் கேட்டது. ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக் கூண்டின் விளிம்பில் பிடித்தேன். புகை உள்ளே போக வேண்டும். அது இடப்பக்கமாக வளைந்து, கசடு வழிப்பவரின் முகம் இருக்கும் உயரத்துக்கு வந்தது. வலப்பக்கம் திரும்பிப் பார்த்தால், வெக்கை தாங்காமல் யாரோ ஒரு பெரிய ஸ்டாண்ட் ஃபேனைப் பானையைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறார்கள். கூண்டு இழுக்க வேண்டிய புகையை அந்த ஃபேன் தள்ளிக்கொண்டிருந்தது. ஃபேன் வந்தது எப்போது என்று கேட்டால், ஏறக்குறைய ஒரு வருஷம் என்றார்கள். எண் ஏறத் தொடங்கிய காலமும் அதுதான். கூண்டைத் திறந்து பார்த்தபோது குழாயில் பாதி சாம்பல் தூசி அடைத்திருந்தது, விசிறியின் பெல்ட்டும் தளர்ந்திருந்தது. யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 327 டிகிரிக்கு மேல் சூடான உலோகத்தின் முன்னால் எட்டு மணி நேரம் நிற்பவன் காற்று தேடத்தான் செய்வான். அவர்களுக்குக் காற்றைப் பின்புறமாக, பானைக்குக் குறுக்கே போகாத வழியில் கொடுக்க வேண்டியது கம்பெனியின் வேலை.

அவரை ஈய வேலையிலிருந்து விலக்கிக் கிடங்கில் சரக்கு எண்ணும் வேலைக்கு மாற்றச் சொன்னேன். மூன்று வாரத்தில் மலச்சிக்கல் விட்டது. ஆறு வாரத்தில் 46, மூன்று மாதத்தில் 38, ஆறு மாதத்தில் 30. ரத்தத்தில் உள்ள ஈயம் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகும் என்று புத்தகக் கணக்கு இருந்தாலும், பல வருஷம் வேலை செய்தவருக்கு அப்படி இறங்காது. எலும்பில் போய்ச் சேர்ந்த ஈயம் பத்து இருபது வருஷம் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும். உங்கள் கணவருக்கும் மெதுவாக இறங்கினால் மனம் உடைய வேண்டாம். ஃபேனை எடுத்து, குழாயைச் சுத்தம் செய்து, பெல்ட்டை மாற்றிய பிறகு இடதுபுறம் நின்ற மற்ற இருவருக்கும் அடுத்த பரிசோதனையிலேயே குறையத் தொடங்கியது. அவர்கள் ஒரு மாத்திரைகூடச் சாப்பிடவில்லை.

மாத்திரை என்றதும் ஒன்று. உடம்பிலிருந்து ஈயத்தைப் பிரித்தெடுக்கும் மருந்து உண்டு. அளவு மிக உயர்ந்து நோய் முற்றியவருக்கு மருத்துவமனையில் வைத்துக் கொடுப்பது அது. அதைப் போட்டுக்கொண்டே ஈய வேலைக்குப் போவது ஆபத்து, ஏனென்றால் மருந்து இருக்கும்போது குடல் இன்னும் அதிக ஈயத்தை உறிஞ்சலாம். யாராவது “ரத்தம் சுத்தம் பண்ணித் தருகிறேன்” என்று வந்தால் விலகிவிடுங்கள். நம் ஆட்களில் பலர் தினமும் ஒரு டம்ளர் பால் குடித்தால் ஈயம் போய்விடும் என்று நம்புகிறார்கள். சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போவது நல்லது, வெறும் வயிற்றில் ஈயம் அதிகம் ஏறும். சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் குறையாமல் இருப்பதும் உதவும். ஆனால் மூக்கு வழியாகப் போகும் புகையைப் பால் என்ன செய்யும்?

இனி, வேலை போய்விடுமோ என்ற உங்கள் பயம். ஓ.எச்.டி. ‘ஈய வேலைக்குத் தற்காலிகமாக ஃபிட் இல்லை’ என்று எழுதினால் அது வேலை நீக்கக் கடிதம் அல்ல. அந்த ஒரு வேலையிலிருந்து அவரை விலக்கி வைக்கும்படி கம்பெனிக்குச் சொல்வது. மருத்துவர் மறுபடி அனுமதிக்கும் வரை அவரை அங்கே நிறுத்தக்கூடாது. மாற்று வேலை என்ன, அடிப்படைச் சம்பளமும் படிகளும் எப்படி என்பதை மட்டும் வாய்வார்த்தையாக விடாமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஓவர்டைம் பணம் குறையும் என்பது உண்மை, அதை மறைக்க விரும்பவில்லை. வீட்டுக் கடனுக்கு அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தால் இப்போதே கணக்குப் போட்டு வையுங்கள். பாதுகாப்பு பற்றிப் புகார் செய்தார் என்பதற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதையோ தண்டிப்பதையோ 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தடுக்கிறது.

ஈய நஞ்சு என்று மருத்துவர் முடிவு செய்தால் அவரும் கம்பெனியும் ஏழு நாளுக்குள் ஜேகேகேபிக்கு அறிவிக்க வேண்டும், அதற்கு ஜேகேகேபி 7 என்ற படிவம் இருக்கிறது. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் தொழில் நோய்ப் பட்டியலிலும் ஈயம் இருக்கிறது. மனு செய்யும்போது அந்தத் தாள்கள் எல்லாம் வேண்டும். மெடிக்கல் எடுத்த ஒவ்வொரு முறையும் ஒரு நகல் கேட்டு வாங்கி ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

ஓ.எச்.டி.யைப் பார்க்கும்போது வயிற்று வலி எப்போது தொடங்கியது, லீவு நாட்களில் குறைகிறதா என்பதைச் சொல்லச் சொல்லுங்கள். மருத்துவர் ஈறின் ஓரத்தில் நீலக் கோடு தெரிகிறதா என்று பார்ப்பார், மணிக்கட்டின் பலத்தைச் சோதிப்பார், பிரஷரும் சிறுநீரக ரத்தப் பரிசோதனையும் எடுப்பார். குடற்புண், பித்தக்கல் போன்ற வேறு காரணம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், எல்லாவற்றையும் ஈயத்தின் தலையில் கட்டிவிடக் கூடாது. முக்கியமாக, இவர் பேட்டரி உடைக்கும் இடத்திலா, பானையிலா, துடைப்பத்தால் கூட்டும் வேலையிலா என்று மருத்துவர் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். காய்ந்த தரையைத் துடைப்பத்தால் கூட்டுபவருக்குப் பானையில் நிற்பவரைவிட அதிகம் ஏறிய சம்பவங்களை நான் பார்த்திருக்கிறேன்.

வேறு தொழிலில் உள்ள வாசகர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. பெயிண்ட், தின்னர் வேலை செய்பவருக்கு எடுக்கும் சிறுநீரை ஷிப்ட் முடியும்போது எடுக்க வேண்டும். ஞாயிறு ஓய்வெடுத்துத் திங்கள் காலை கொடுத்தால் அதில் ஒன்றும் இருக்காது, ரிப்போர்ட் ‘நார்மல்’ என்று வரும்.

கடைசியாக உங்கள் சின்னவன். இதைப் படிக்கும்போது எனக்கு உங்கள் கணவரைவிட அவன்தான் நினைவில் நிற்கிறான். பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்கு போல உடம்பில் ஏறும், குழந்தைக்கு அது பாதி வரை போகும். வளரும் மூளைக்கு அது செய்யும் கெடுதல் திரும்பாது. பெரியவர்களுக்குச் சொன்ன எண்கள் எதுவும் அவனுக்குப் பொருந்தாது. குழந்தையின் ரத்தத்தில் 5 இருந்தாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்பிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

வேலை முடிந்து சோப்புப் போட்டுக் கை கழுவிய ஒருவரின் விரல்களை ஒரு முறை ஈரத்துணியால் துடைத்து, ஈயத்தைக் காட்டும் மருந்தை அதில் விட்டுக் காட்டினேன். கை பார்க்கப் பளிச்சென்று இருந்தது. துணி இளஞ்சிவப்பாக மாறியது. அவர் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு “இந்தக் கையாலதான் டாக்டர் பிள்ளைக்குச் சோறு ஊட்டுறேன்” என்றார்.

ஆகவே கம்பெனியிலேயே தலைமுடி உட்படக் குளித்து, வேலை உடுப்பையும் பூட்ஸையும் அங்கேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். உடுப்பைத் துவைப்பதும் கம்பெனியின் பொறுப்பாகட்டும். அது நடக்கும் வரை உடுப்பு வீட்டுக்கு வந்துதான் தீரும் என்றால், உதறாமல் பையிலிருந்து நேரே மெஷினில் போட்டுத் தனியாகத் துவையுங்கள். காரின் டிரைவர் சீட்டையும் வாசல் மிதியடியையும் ஈரத்துணியால் துடையுங்கள், கூட்ட வேண்டாம். குளித்து உடுப்பு மாற்றும் வரை பையனைத் தூக்க வேண்டாம். இரண்டரை வயதுப் பிள்ளையிடம் இதைச் சொல்லி நிறுத்துவது கஷ்டம்தான், அப்பா வரும் நேரத்துக்கு நீங்கள் அவனைச் சமையலறைப் பக்கம் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

அவனை இந்த வாரமே அரசு கிளினிக்குக் கொண்டுபோய், அப்பாவின் வேலையையும் 46 என்ற எண்ணையும் சொல்லி, ரத்த ஈயம் பார்க்கக் கேளுங்கள். அவர்களே எடுக்காவிட்டால் மருத்துவமனைக்குக் கடிதம் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் இன்னொரு குழந்தைக்குத் திட்டமிட்டிருந்தால் அல்லது கருவுற்றிருந்தால் உங்களுக்கும் அதே நாளில் எடுக்கச் சொல்லுங்கள், ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும். பையனின் எண்ணும் உங்கள் கணவரின் பழைய ரிப்போர்ட்டுகளும் கைக்கு வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். அவர் பானையின் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதையும் மறக்காமல் கேட்டு எழுதுங்கள்.